திறந்து வைத்த கீரைப் பையும் என் மூக்கும்

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டேன். வேலை, மோந்து பார்ப்பது. விழுப்புரத்தில் அப்போது எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. காலையில் வைத்த சாம்பாரைச் சாயங்காலம் ஊற்றுவதா, கொட்டுவதா என்ற கேள்வி வந்தால் அம்மா சட்டியோடு என்னிடம்தான் வருவாள். அப்பாவுக்கு மூக்குப்பொடி, அண்ணனுக்குத் தீராத சளி. ஆகவே போட்டியின்றித் தேர்வானேன். கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்து, கொஞ்சம் யோசிக்கிற மாதிரி பாவனை செய்து, "நல்லாதாம்மா கீது" என்று நான் சொன்ன பிறகுதான் தட்டு வைப்பார்கள். அந்த ஒரு நிமிடம் வீடே என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு மரியாதை அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்பா கொடுத்துவிட்டுப் போன சொத்து வேறு. வீட்டில் இருந்ததே மூன்று பல்பும் ஒரு ஃபேனும். ஆனாலும் வெளியூர் கிளம்பினால் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். ஒருமுறை ரயில் நிலையம் வரை போய், இறக்கினோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, எங்களை மூட்டை முடிச்சோடு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். ரயில் போய்விட்டது. அவர் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். இறக்கித்தான் இருந்ததாம்.

இப்போது திண்டிவனத்தில் இருக்கிறேன், ஐம்பத்து நான்கு வயது. மூக்கும் மெயின் ஸ்விட்சும் நாற்பது வருடம் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்தன. போன மாதம் ஒரு திங்கட்கிழமை இரண்டும் கூட்டுச் சேர்ந்தன.

மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்காகச் சென்னையிலிருந்து வந்தவள், கையோடு ஒரு பை சாலட் இலையும், நறுக்கிய கேரட், குடைமிளகாய் அடைத்த ஒரு டப்பாவும் கொண்டுவந்தாள். கழுவி நறுக்கியது, அப்படியே சாப்பிடலாம் என்று பையிலேயே எழுதியிருந்தது. வந்த வியாழக்கிழமையே இரண்டையும் பிரித்தாள். மிச்ச இலையில் ஈரம் உறிஞ்ச ஒரு காகிதத்தை வைத்து, வாயைச் சுருட்டி, கிளிப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தாள். சனிக்கிழமை எல்லோரும் கோலியனூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய், இரவு தங்கி, ஞாயிறு மதியம் திரும்பினோம்.

திங்கள் காலை மகள் குளிக்கப் போயிருந்தபோது மனைவி அந்தப் பையையும் டப்பாவையும் தூக்கிக் காட்டினாள். இலையின் வெட்டுவாய் சிவந்திருந்தது. கேரட் வெளுத்துச் சாம்பல் பூசினாற்போல இருந்தது. குப்பையில் போட்டுவிடலாம் என்றாள். என் மூக்கு துடித்தது. என் கண்ணாடி விழுப்புரத்தில் ரிப்பேரில் இருந்தது, ஆகவே கண்ணின் பொறுப்பையும் மூக்கே கவனித்து வந்தது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதில்லையா, அதுபோலத்தான் இந்தச் சிவப்பு என்றேன். கேரட் காய்ந்தால் வெளுக்கும், அது கெட்டதாகாது என்றேன். அழுகல் என்றால் தொட்டால் கொழகொழவென்று இருக்கும், பைக்குள் தண்ணீர் விட்டிருக்கும் என்றேன். இதுவரை நான் சொன்னது எல்லாம் சரிதான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பையை முழ தூரத்தில் பிடித்து, அச்சடித்த தேதியைப் படித்து, நாளைவரைக்கும் கெடு இருக்கிறது என்று அறிவித்தேன். பிறகு மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை.

"ஏங்க, மாசமா இருக்குற பொண்ணு. நல்லா பாத்துக்கினு சொல்லுங்க."

"பாத்தாச்சு. கிண்ணத்தில எடுத்து வை, பதினோரு மணிக்குத் துன்னட்டும்."

சொல்லிவிட்டுக் கண்ணாடி வாங்கக் கிளம்பினேன். பேருந்தில் ஜன்னலோர இடம். அம்மா இருந்தால் இன்றைக்கு எவ்வளவு பெருமைப்பட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவைத் தொடர்ந்து அப்பாவும் நினைவில் வந்தார். அவரோடு மெயின் ஸ்விட்சும் வந்தது. சனிக்கிழமை காலை கடைசியாகக் கதவைப் பூட்டியவன் நான். மெயினை இறக்கிவிட்டுத்தான் பூட்டினேன். இந்தப் பழக்கத்துக்காக மனைவியிடம் முன்பே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்ததால், ஞாயிறு மதியம் முதல் ஆளாக உள்ளே ஓடி, யாருக்கும் தெரியாமல் ஏற்றியும் விட்டேன். நடுவில் ஒரு நாளுக்கும் மேல் அந்தப் பை, மின்சாரம் இல்லாத ஃப்ரிட்ஜுக்குள் வெயில் காலத்தில் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

கர்ப்பிணிகள் இப்படித் திறந்து நாள்பட வைத்ததைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, அதில் வளரும் கிருமிக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது என்று வந்த அன்றைக்கே மகள் எதற்கோ சொல்லியிருந்தாள். நான் அப்போது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது நான்கு நாள் தாமதமாக, பேருந்துக்குள் என் காதில் விழுந்தது. மணி பத்தே முக்கால். மனைவிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மகளுக்கு அடித்தேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆஸ்பத்திரி, மருமகன், மருமகனைப் பெற்றவர்கள், வரிசையாக முகங்கள் வந்தன. கூட்டேரிப்பட்டில் எழுந்து கதவருகே போனேன்.

"விழுப்புரம் டிக்கெட் எடுத்துக்கினு இங்க எங்க எறங்குறே?" என்றார் கண்டக்டர்.

"வூட்ல கீரை கீதுங்க."

"கீரையா?"

"பொண்ணு துன்னுடும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மிகுந்த அனுதாபத்தோடு விசில் ஊதினார். எதிர்ப் பக்கம் ஓடி, திண்டிவனம் போகிற வண்டியில் தொற்றிக்கொண்டேன். பெஞ்சில் எங்களை உட்கார வைத்துவிட்டு ஓடிய அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது. அவர் இறக்கினோமா என்று ஓடினார். நான் இறக்கியதற்காக ஓடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கிண்ணம் மேசை மேல் காலியாக இருந்தது. மகள் சோபாவில் காலை நீட்டி வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அந்த எலைய..."

"முருங்க மரத்து அடியில கொட்டிட்டேன்பா."

கிளிப்பில் அவள் ஒட்டி வைத்த துண்டுச் சீட்டைக் காட்டினாள். திறந்த நாள் எழுதியிருந்தது. பையில் போட்ட தேதி பிரிக்காதவரைக்கும்தான், பிரித்துவிட்டால் ஓரிரு நாளில் முடிக்க வேண்டும் என்றாள். பிறகு ஃப்ரீசரிலிருந்து ஒரு குச்சி ஐஸை எடுத்து நீட்டினாள். அது கவருக்குள் கரைந்து, ஓர் ஓரமாகச் சாய்ந்து, அப்படியே மறுபடி உறைந்து, குச்சி தனியாகப் படுத்திருந்தது.

"எப்பப்பா மெயின ஆஃப் பண்ணே?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கூட்டேரிப்பட்டு வரை சொன்னேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன், அதற்கும் சிரித்தாள். மூக்கை ஓய்வு பெறச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டேன். எங்கே போனாலும் இது சாம்பாரை மட்டுமே தெரிந்த மூக்கு. சாம்பார் கெட்டால் தானே வாயைத் திறந்து சொல்லிவிடும். இந்த இலை கடைசிவரை நல்ல பிள்ளையாகவே உட்கார்ந்திருக்கும்.

சாயங்காலம் மனைவி காலையில் ஆட்டி வெளியே வைத்திருந்த இட்லி மாவுக் குண்டானைக் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே என் முன்னால் வைத்தாள்.

"பொங்கிச்சா பாருங்க."

கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தேன். யோசிக்கிற மாதிரி பாவனை செய்தேன். இரண்டு பேரும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஒரு மணி நேரம் ஆவணும்" என்றேன்.

மூடிவைத்தாள்.