வலது பத்தியில் நாலு வரி

தில்லையடிக் கடையொன்றில் கணினித் தட்டச்சு செய்த சுல்பா, ஊர்ச் சங்கத்தின் செய்திமடலையும் ஆறு வருடமாக அமைத்துக் கொடுத்து வந்தாள். 2016இல் ஒருநாள் சங்கச் செயலாளர் ஸியாத், தானே கொஞ்சம் திருத்தியதாகச் சொல்லி மடலின் கணினிக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்தார்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்திகளாக (column) ஓடிய கட்டுரையின் இடது பத்தி அடிவரை நிறைந்திருந்தது. வலது பத்தியில் நாலு வரிதான். மிச்சம் வெறுமை.

"அந்த இடத்துல என்ட போட்டோவப் போடு தங்கச்சி," என்றார்.

"எலுவன்குளத்துப் பொம்பளைகள் தண்ணி கேட்டு எழுதின கடிதம் எங்க நானா?"

"அதுக்கு இடமில்ல."

சுல்பா மறைந்திருக்கும் குறிகளைத் திரையில் வரச் செய்தாள். கட்டுரையின் முடிவில், அதே பக்கத்திலேயே பிரிவை முடிக்கும் 'தொடர் பிரிவு முறிப்பு' சரியாகவே இருந்தது. அது இருந்தால் இரண்டு பத்திகளும் தாமாகவே சமமாகிவிடும். ஆனால் கடைசி நாலு வரிக்கு முன்னால் எழுத்தை அடுத்த பத்திக்குத் தள்ளும் ஒரு 'பத்தி முறிப்பு' செருகப்பட்டிருந்தது. அதை அழித்ததும் இரண்டு பத்திகளும் பக்கத்தின் பாதியில் சமமாக நின்றன. கீழே அரைப் பக்கம் மிஞ்சியது.

"இது நீங்க போட்டதா?"

"ஓம், போட்டோ எடுப்பா தெரிய வேணுமே," என்று சிரித்தார் ஸியாத்.

குடிதண்ணீர் கேட்டு எழுதிய பெண்களைத் தள்ளிவிட்டு, இந்த மனிதர் தன் முகத்துக்கு இடம் பிடித்திருக்கிறார். சுல்பா, அவர்கள் முன்பே தந்திருந்த கடிதப் பிரதியைப் பார்த்து அந்த அரைப் பக்கத்தில் தட்டினாள். முழுதாக அடங்கியது.

"பழைய மாதிரி வை!"

"வைக்க மாட்டன். வேற ஆளப் பாருங்க."

அவர் கோப்போடு போய்விட்டார். மடல் அவர் படத்தோடுதான் வந்தது. சுல்பா கடிதத்தை அச்செடுத்துக் கடை வாசலில் ஒட்டினாள். சங்கத்தின் மடலை அதன்பிறகு அவள் தொடவேயில்லை.