முன்சாமிக்கு ஒரு கடிதம், லம்பு வசம்

இந்தியில் லம்பு என்றால் நெட்டையன். ஆள் குள்ளம். மூன்றாம் வகுப்பில் எல்லோரையும்விட உயரமாக இருந்தபோது வைத்த பெயர் அது. அதன்பிறகு அவர் வளர்வதை நிறுத்திக்கொண்டார், பெயர் போகவில்லை. பிஜியில் லம்பாசா டவுனைச் சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்களில் அவருக்கு இன்னொரு பெயர் உண்டு என்று யாரும் நினைத்ததில்லை. அவருக்கே அது ஞாபகம் வருவது வண்டி உரிமம் புதுப்பிக்கிற நாளில் மட்டும்தான்.

அவரிடம் இருப்பது ஒரு சின்ன லாரி. பின்னால் இரண்டு பக்கமும் பலகை, மேலே தார்ப்பாய். கேரியர் என்போம். பஸ் நுழையாத மண்ரோட்டில் பிள்ளைகள், உரமூட்டை, கல்யாண ஆடு எல்லாம் அதில்தான் போகும். புதன்கிழமை மட்டும் சர்க்கரைக்காரர்கள். அன்றுதான் டவுன் சுகாதார நிலையத்தில் நீரிழிவு கிளினிக். யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யார் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறார்கள் என்பதெல்லாம் லம்புவுக்கு அத்துப்படி. கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டே அதட்டுவார்.

"யாருடா அங்க கிரீம் பன் திங்கறது? கிளினிக்குக்குப் போற வழியிலயே திங்கறியே, வெக்கமா இல்ல?"

"ரத்தம் எடுத்தப்புறம் பசிக்குமில்ல, மச்சான். முன்கூட்டியே சாப்பிட்டுடறேன்." இது இனோக்கே, பிஜிக்காரர். கரும்பு வெட்டும் கும்பலுக்கு ஒருகாலத்தில் தலைவன், இப்போது வலதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஒரு முள் குத்தியதைக் கவனிக்காமல் விட்டதில் போனது. ஊன்றுகோலோடு எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவார். பிஜிக்காரர்கள் மச்சான் முறையை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மச்சானைக் கிண்டல் பண்ணாதவன் மரியாதை தெரியாதவன். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. பக்கத்துப் பக்கத்து வயலில் வளர்ந்த உறவு.

இப்படி ஊரையே கிளினிக்குக்குக் கூட்டிப்போகிற லம்பு, தான் மட்டும் உள்ளே போகமாட்டார். அவருக்கும் சர்க்கரை உண்டு. ஒரே ஒரு தடவை போய் எல்லாச் சோதனையும் செய்துகொண்டார், அதோடு சரி. மாத்திரையை டவுன் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்வார். மற்றவர்கள் பெஞ்சில் காத்திருக்கும் நேரம் முழுதும் மாமரத்தடியில் வண்டியைத் துடைப்பார். துடைத்துத் துடைத்துக் கதவில் பெயிண்ட் போய்விட்டது.

போன வருஷம் கிளினிக்குக்குப் புது நர்ஸ் வந்தார், மெரெயானி. ஊசி போடுவது அவர் வேலையில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு விளக்கிச் சொல்வதும், காலைப் பார்ப்பதும், வராதவர்களை வரவைப்பதும்தான். லாவ் தீவுக்காரர், கேள்வி கேட்டே பழக்கப்பட்டவர். முந்தைய நர்ஸ் வராதவர்களின் அட்டையில் சிவப்புப் பேனாவால் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவைத்திருந்தார். மெரெயானிக்கு அது பதிலாகப் படவில்லை. ஏன் ஒத்துழைக்கவில்லை என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். போன் எண்கள் பாதிக்குமேல் செத்துக்கிடந்தன. ஆகவே கடிதம். எங்கள் பக்கம் தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. கடிதத்துக்குக் கால் முளைக்க வேண்டுமானால் கேரியர்தான்.

ஒரு புதன்கிழமை மாமரத்தடிக்கு வந்து சில உறைகளை நீட்டினார்.

"லம்பு அண்ணே, இதெல்லாம் உங்க பக்கத்து ஆளுங்க. குடுத்துடறீங்களா?"

லம்பு ஒவ்வொன்றாகப் பார்த்து, இது பாலத்துக்கிட்ட, இது கோயிலுக்குப் பின்னால என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி உறையில் அச்சடித்த மாதிரி எழுத்தில் இருந்தது: முன்சாமி கவுண்டர்.

"இவரை யாருக்கும் தெரியல" என்றார் நர்ஸ். "உங்களுக்குத் தெரியுமா?"

"பாத்திருக்கேன்" என்றார் லம்பு. அது பொய்யில்லை. தினமும் காலையில் சவரம் பண்ணும்போது பார்க்கிறார்.

"எப்படிப்பட்ட ஆளு?"

"கொஞ்சம் பிடிவாதம். மத்தபடி மோசமில்ல."

"குடிப்பாரா?"

"யங்கோனா வேர்த்தண்ணி மட்டும். அதுவும் சனிக்கிழமை."

"அப்புறம் ஏன் வரமாட்டேங்கறாரு?"

"அதை அவன்கிட்டல்ல கேக்கணும், சிஸ்டர்."

"அதைத்தான் கேட்டு எழுதியிருக்கேன். கையிலயே குடுங்க, அண்ணே. வேற யாரும் பிரிக்கக் கூடாது."

மற்ற உறைகள் அன்றைக்கே போய்ச் சேர்ந்தன. முன்சாமியின் உறை வண்டியின் முகப்புப் பலகையில், பிள்ளையார் பொம்மைக்கும் பெட்ரோல் ரசீதுகளுக்கும் நடுவே குந்தியிருந்தது. ஒருவருக்கு வந்த கடிதத்தை அவரிடம் சேர்க்க இவ்வளவு தயங்கிய தூதன் வேறு யாரும் இருந்திருக்கமாட்டார்.

கரும்பு அரவைக் காலம். ரோட்டை வெட்டிக்கொண்டு போகும் தண்டவாளத்தில் கரும்பு ரயில் வந்தால் கால்மணி நேரம் எல்லோரும் நிற்கவேண்டும். சனிக்கிழமை மதியம் அப்படி நிற்கும்போது, வண்டியில் யாருமில்லை என்பதால், லம்பு உறையைப் பிரித்தார்.

'அன்புள்ள முன்சாமி கவுண்டர் ஐயா,

நாம் சந்தித்ததில்லை. நான் இங்கே புதியவள். திட்டுவதற்காக எழுதவில்லை, விசாரிக்க எழுதுகிறேன். நீங்கள் கடைசியாக வந்தபோது உங்கள் கண்களுக்குள் படம் எடுத்தார்கள். அதன் முடிவு நீங்கள் போனபிறகுதான் வந்தது. இரண்டு கண்ணிலும், பின்பக்கத்தில், சின்னச் சின்ன ரத்தக் கசிவு இருக்கிறது. இடது கண்ணில் அதிகம். வலிக்காது. பார்வையும் நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும். கஷ்டமே அதுதான், தெரிய ஆரம்பிக்கும்போது தாமதமாகிவிடலாம். கண் மருத்துவர் மறுபடி பார்த்து, லேசர் சிகிச்சை வேண்டுமா என்று சொல்லவேண்டும். நேரத்தில் பார்த்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம்.

வராததற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்கும். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதா? வேலைநாளா? யாராவது மனம் நோகப் பேசினார்களா? போக்குவரத்துதான் சிரமம் என்றால் லம்பு என்பவரின் கேரியர் புதன்கிழமை வருகிறது. நல்ல மனிதர். கையில் காசில்லாவிட்டாலும் ஏற்றிக்கொள்வார், கவனமாக ஓட்டுவார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் நினைத்துப்பார்க்காத காரணமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். பதிலை லம்புவிடமே சொல்லியனுப்பலாம்.

மெரெயானி'

ரயில் போய்விட்டது. பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தும் லம்பு நகரவில்லை. கவனமாக ஓட்டுவார் என்ற இடத்தில் அவர் விரல் நின்றிருந்தது.

ஏனென்றால் காரணம் அதுதான். அந்த ஒரே தடவை, படம் எடுப்பதற்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். பாவை விரிந்துவிடும், சில மணிநேரம் மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும், இன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார்கள். லம்பு தலையாட்டினார். வெளியே வந்தால் வண்டி நிறைய ஆள், எல்லோரும் கிழடு, வேறு வண்டி கிடையாது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளப்பினார். இதே தண்டவாளத்துக்கு வந்தபோது எதிரே வெள்ளையாக ஒரு வெயில் மட்டும்தான் தெரிந்தது. ஊளைச் சத்தம் கேட்டு மிதித்த பிரேக்கில், ரயில் எஞ்சின் கையெட்டும் தூரத்தில் போனது. "பிரேக் சரியில்ல" என்று எல்லோரிடமும் சொன்னார். மறுநாளே புது பிரேக் கட்டையும் போட்டார், பொய்க்கு மரியாதை செய்கிற மாதிரி. உள்ளே போனால் மறுபடி சொட்டு மருந்து. விட்டால் ஓட்டமுடியாது. ஏன் வேண்டாம் என்பதைச் சொன்னால் அன்றைக்கு ஓட்டியது வெளியே வரும், உரிமம் போகும். ஆகவே ஊரின் கண்களைக் காப்பாற்ற வாராவாரம் ஓட்டியவர் தன் கண்ணை மாமரத்தடியில் நிறுத்திவைத்தார்.

அடுத்த புதன்கிழமை நர்ஸின் அறை வாசலில் தொப்பியோடு நின்றார்.

"முன்சாமி பதில் சொல்லியனுப்பினான், சிஸ்டர்."

மெரெயானி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சொல்லுங்க."

"அந்தச் சொட்டு மருந்துதான். அவன் வண்டி ஓட்டறவன். புதன்கிழமை அவனுக்கு... வேலை. மருந்து விட்டா ஆளுங்களை யாரு வீட்டுல விடறது? ஒருதடவை மருந்தோட ஓட்டிட்டான். ரயில்ல அடிபட இருந்தாங்க எல்லாரும்."

நர்ஸ் ஜன்னல் வழியாக மாமரத்தடியில் நின்ற வண்டியைப் பார்த்தார். அப்புறம் லம்புவைப் பார்த்தார்.

"இதை நான் நெனச்சே பாக்கல" என்றார். "கடுதாசில என்னென்னமோ எழுதினேன். மருந்து விட்டு ஓட்டினது பெரிய தப்புன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். அதுக்கப்புறம் சரியாத் தூங்கறதில்ல."

"அப்ப அதை நான் திரும்பச் சொல்ல வேண்டாம். எல்லாத்துக்கும் சொட்டு மருந்து வேண்டியதில்லன்னு அவருக்கு யாரும் சொல்லலியா? ரத்தம், பிரஷர், கால் இதுக்கெல்லாம் வேண்டாம். கண்ணுக்கு மட்டுந்தான். கண் டாக்டர் குழு வர்ற வெள்ளிக்கிழமை வருது. அன்னைக்கு அவரு மெயின் ரோட்டுல பஸ் புடிச்சு வரட்டும். கூட ஒரு ஆளோட."

"இன்னொண்ணு கேக்கச் சொன்னான். உரிமம் போயிடுமா?"

"அதை இங்கேருந்து நான் சொன்னா பொய்யாயிடும். பார்வை போதுமான்னு டாக்டர் பாத்துத்தான் சொல்லணும். ஆனா வராம இருந்தா என்ன போகும்னு அவருக்கே தெரியும்."

லம்பு தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்சாமி இப்ப எங்க இருக்காரு, அண்ணே?"

"பக்கத்துலதான்."

"அப்ப வரச்சொல்லுங்களேன். கால் பாக்கணும்."

லம்பு வெளியே போனார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி, முடியைக் கையால் படியவைத்து, கதவைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

"முன்சாமி கவுண்டரா?" மெரெயானி எழுந்து நாற்காலியை இழுத்துப்போட்டார். "வாங்க ஐயா. ரொம்ப நாளா உங்களைப் பாக்கணும்னு இருந்தேன். செருப்பைக் கழட்டுங்க."

பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, அவரைக் கண்ணை மூடிக்கொண்டு, நைலான் இழை படும்போதெல்லாம் சொல்லச் சொன்னார். எல்லா இடத்திலும் லம்பு சொன்னார். ஒரு தடவை தொடாதபோதும் சொன்னார், பாதுகாப்புக்கு.

"தொட்டாத்தான் சொல்லணும், ஐயா."

வெள்ளிக்கிழமை துணைக்கு இனோக்கே போனார். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் லம்பு டிரைவரைக் குறைசொல்லிக்கொண்டே போனார். அங்கே மறுபடி சொட்டு மருந்து விட்டுக் கண்ணைப் பார்த்தார்கள். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் லேசர். வலது கண்ணை இப்போதைக்குக் கவனித்துவந்தால் போதும். எழுத்துப் பலகையை ஒழுங்காகப் படித்தார், நாளைக்கு வண்டி ஓட்டலாம். லேசருக்குப்பிறகு மறுபடி சோதிப்பார்கள். அவ்வளவுதான் கிடைத்தது. அதற்குமேல் யாரும் தரவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு ஒற்றைக்காலோடு இனோக்கே முன்னால் நடக்க, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு கறுப்புக் கண்ணாடியோடு லம்பு பின்னால் போனதை டவுனே பார்த்தது.

"உனக்குப் பேரு முன்சாமியாமே, மச்சான். இத்தன வருஷம் யாரோட வண்டியில போயிட்டிருந்தேன்னே தெரியல."

"பேசாம நட."

"அன்னைக்கு பிரேக் இல்ல, கண்ணுதான்னு எனக்கு அப்பவே தெரியும். முன்சீட்டுல நாந்தானே இருந்தேன்."

லம்பு நின்றுவிட்டார். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"அன்னைக்கு நீ நடுங்கின. நடுங்கறவனைக் கிண்டல் பண்ண முடியுமா? அப்புறம் நீயா சொல்லுவன்னு பாத்தேன்." இனோக்கே ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார். "தப்புதான். நானும் சொல்லியிருக்கணும்."

பஸ் தண்டவாளத்தருகே வேகம் குறைந்தது. ஜன்னலில் லம்புவுக்குத் தெரிந்தது ஒரே வெள்ளை வெயில்.

"ரயில் வருதா?"

"வரல."

"நல்லாப் பாத்தியா?"

இனோக்கே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வரல, முன்சாமி. போகலாம்."