சத்தமில்லாத கல்

முப்பிடாதி வேலைக்குத் திரும்பிய அன்று அவள் ஊற்றிய ரவா தோசையை யாருமே குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் மூட்டை தூக்குகிற ஆட்கள் சாயாவில் சர்க்கரை கொஞ்சம் குறைந்தாலே என் பரம்பரையை இழுப்பவர்கள். அன்றைக்குத் தட்டில் வைத்ததை மென்று விழுங்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போனார்கள்.

இஞ்சியும் மிளகும் அடைந்து கிடக்கும் கிட்டங்கித் தெருவில் என்னுடைய டிபன் கடை. முப்பிடாதி தோசைக் கல்லில் நிற்பாள், அவள் புருஷன் ராமர் சாயா அடிப்பான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணம் முடிந்த கையோடு இங்கே வந்தவர்கள், பிள்ளைகள் இல்லை. ராமர் வாய் ஓயாமல் பேசுவான். அவள் பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசினால் அதிகம். அவளுக்கும் சேர்த்து அந்தக் கல் பேசும்.

பேசும் என்று சும்மா சொல்லவில்லை. ரவையும் அரிசி மாவும் கொஞ்சம் மைதாவும் போட்டு மோர் மாதிரி நீர்க்கக் கரைப்பாள். சற்று நேரம் வைத்தால் ரவை தண்ணீரைக் குடித்துவிடும், மறுபடியும் தண்ணீர் விடுவாள். ரவை அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதால் ஒவ்வொரு முறையும் அடிவரை கலக்கித்தான் அள்ளுவாள். கல் நன்றாகக் காய்ந்ததும், கரண்டியை உயரத் தூக்கி ஓரத்திலிருந்து உள்ளே வீசி ஊற்றுவாள். மாவு இரும்பில் பட்டதும் ஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். மாவில் இருக்கும் தண்ணீர் அந்தக் கணமே ஆவியாகி மேலே பொத்துக்கொண்டு வரும். வந்த வழி ஓட்டையாகும். மாவு ஓடிவந்து மூடுவதற்குள் ஓட்டையைச் சுற்றி வெந்து இறுகிவிடும். பிறகு கரண்டியால் தொடவே மாட்டாள், எண்ணெய் விட்டுத் தீயைக் குறைத்து முறுக விடுவாள். எடுத்துத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிறவன் மூக்கு தெரியும்.

அந்தச் சத்தம்தான் ராமரைக் கொன்றது என்று அவள் நினைத்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கிட்டங்கித் தெருவில் எலிக்குப் பஞ்சமில்லை. ஏதோ ஒன்று கேஸ் குழாயைக் கடித்திருக்கிறது. காலைக் கூட்டத்தில் அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், ராமர் வாடை பிடித்து சிலிண்டரை அடைக்கக் குனிந்தான். தீ அவனை அப்படியே வாரி எடுத்தது. எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் மூச்சு இருந்தது, அவ்வளவுதான். அவளுக்கு முழங்கைக்குக் கீழே வெந்த தழும்பு. ஊரிலிருந்து அவள் அண்ணன் வந்து கூப்பிட்டான்.

"அங்க போய் யாரு வீட்டு அடுப்படியில நிக்க? இந்தக் கல்ல விட்டா எனக்கு வேற எடம் கெடையாது, அண்ணாச்சி" என்றாள் என்னிடம்.

நான் சிலிண்டரைப் பின்சுவருக்கு வெளியே கொண்டுபோய்க் கம்பிக்கூண்டு போட்டுப் பூட்டினேன். புதுக் குழாய் போட்டேன். அவள் வந்து நின்றாள். தோசை மட்டும் வரவில்லை.

வெளுத்துப்போய், ஓட்டை இல்லாமல், நனைந்த துணி மாதிரி ஒன்று வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. நான் கேட்டபோது, "ரவை சரியில்ல" என்றாள். ரவையை மாற்றினேன். "கல்லு பழக்கம் விட்டுப்போச்சு" என்றாள். கல்லை வெங்காயம் போட்டுத் தேய்த்துப் பழக்கினேன். மாவைத் தொட்டுப் பார்த்தால் இட்லிக்கு ஊற்றலாம் போல இருந்தது. தண்ணீர் விட்டுக் கலக்கிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது இன்னும் ரெண்டு கை மாவை அள்ளிப் போட்டிருந்தாள். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் பழைய வாடிக்கை ராஜன் சேட்டன் ஒரு வாரம் பார்த்தார். பிறகு கல்லாப்பெட்டி ஓரம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாண்டியா, சேச்சிட்ட நீ ஒண்ணும் பறயண்டா. ஞங்கள் இட்லி கழிச்சோளாம்."

அதாவது, நாங்கள் இட்லியே சாப்பிட்டுக்கொள்கிறோம், அவளிடம் எதுவும் சொல்லாதே என்று. நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசு அவளை ஊருக்கு பஸ் ஏற்றிவிடும். கல்லுக்கு ஆள் வரவில்லை என்றால் அவள் ஒரு நாள்கூடக் கடையில் சும்மா இருக்க மாட்டாள்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்னால் நானே அடுப்பண்டை போய் நின்றேன். தீயைக் கூட்டினேன். அவள் குறைத்தாள். மறுபடியும் கூட்டினேன். என் கையை எட்டிப் பிடித்துவிட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் என் கையைத் தொட்டது அன்றுதான்.

"வேண்டாம் அண்ணாச்சி. சத்தம் போடும்."

"போடட்டுமே. போட்டாத்தானே தோசை?"

அவள் கல்லைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னைக்கும் சத்தம் கேட்டுச்சு. ஊத்தி முடிச்ச பெறவும் நிக்கல. நான் மாவுதான்னு நெனச்சேன். மாவுதான்னு நெனச்சு அடுத்த தோசைய ஊத்துனேன். அவுக சாயா அடிச்சிட்டுப் பேசிட்டே நின்னாக." தீயை மறுபடியும் குறைத்தாள். "இனி கல்லு சத்தமில்லாம இருக்கட்டும். கேஸ் சத்தம் வந்தா எனக்குக் கேக்கணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்குக் கைப்பக்குவம் போகவில்லை. மாவைக் கெட்டியாக்கியதும் தீயை அடக்கியதும் தெரிந்தே செய்த வேலை. கல்லின் வாயைப் பொத்திவிட்டு இத்தனை நாளும் சிலிண்டர் பக்கமே காதை வைத்து நின்றிருக்கிறாள்.

உன் மேல் தப்பில்லை, எலி செய்த வேலை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆஸ்பத்திரியிலேயே எல்லோரும் சொல்லி முடித்த பேச்சு அது. அதனால் அதை விழுங்கிவிட்டு, "அந்தக் காத நான் வச்சுக்கிடுதேன். நீ ஊத்து" என்றேன்.

பின்பக்கம் போய்க் கூண்டைத் திறந்து, சிலிண்டர் வால்வில் கைவைத்து நின்றேன். சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. உள்ளே தண்ணீர் விட்டு மாவைக் கலக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கல் காய்ந்து புகைகிற வாடை வெளியே வந்தது.

"அண்ணாச்சி?" என்றாள்.

குழாயில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றேன்.

ஸ்ஸ்ஸென்று அந்தச் சத்தம் எழுந்தது. கரண்டி கீழே விழுந்தது. நான் உள்ளே ஓடவில்லை, வால்விலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவள் மறுபடி ஊற்றமாட்டாள் என்று தெரியும். அவள் அழுகிற சத்தமும் தோசை முறுகுகிற சத்தமும் சேர்ந்தே வந்தன. அந்தத் தோசையை நான்தான் தின்றேன். ஒரு பக்கம் கருகி, ஓட்டையும் கண்ணுமாக, பழைய தோசையேதான்.

அதிலிருந்து ரவா தோசைக்கு ஆர்டர் வந்தால் கல்லாவில் நான் இருக்க மாட்டேன். "அண்ணாச்சி?" என்பாள், "ம்" என்பேன், ஊற்றுவாள். காசு கொடுக்கக் காத்து நிற்பவர்கள் நான் பின்னால் பீடி குடிப்பதாகப் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. கப்பலில் சரக்கு வந்து தெருவே நிரம்பி வழிந்தது. நான் யாருக்கோ சில்லறை பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே கல்லில் ஸ்ஸ்ஸென்று கேட்டது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. நான் கல்லாவில் இருக்கிறேன், அவள் கூப்பிடவில்லை. ராஜன் சேட்டன் தட்டில் தோசை வலை மாதிரி பொரிந்து கிடந்தது. எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

நான் பார்ப்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய்க் கூண்டண்டை உட்கார்ந்துவிட்டாள். நானும் போனேன்.

"கேக்காமலே ஊத்திட்டேன், அண்ணாச்சி" என்றாள். "அவுக நெனப்பே வரல. ரெண்டு தோசைக்கும் வரல."

முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். ராமரை எரித்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.