ஒலி அறுபடுவது பற்றி வல்லிநாயகம் எழுதிய மெயில்

குத்துக்கல்வலசையில் வல்லிநாயகம் என்று கேட்டால் யோசிப்பார்கள். கீபோர்டு அண்ணாச்சி என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். இருபத்தைந்து வருஷம் கோயில் கொடைத் திருவிழாக்களில் வாசித்த மனுஷர். எந்த ஊர் மேடையானாலும் அவருக்கு விடும் இடம் ஒன்றுதான், ஆள் உயர ஸ்பீக்கருக்கு அடுத்து. பாடுகிறவர்கள் நடுவில் நிற்பார்கள், இவர் ஓரத்தில் அந்த இடியைத் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை.

நாலு வருஷமாக மேடை குறைந்து, பின்னறையிலேயே சின்னதாக ஒரு ஸ்டுடியோ. வில்லிசைக்காரர்கள் வருவார்கள், வடகரையிலிருந்து சேக் தாவூது இஸ்லாமியப் பாட்டுப் பாட வருவார். மைக்குக்கும் லேப்டாப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சத்தத்தை உள்ளே வாங்கி வெளியே விடுகிற பெட்டி ஒன்று உண்டு. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பார்கள். கையடக்கப் பெட்டிதான், ஆனால் அது சொன்னால்தான் அந்த அறையில் எதுவும் கேட்கும்.

ஆனி மாதத்தில் ஒருநாள், ஹெட்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவருக்குச் சத்தம் சட்டென்று நின்றது. அரை நொடி. மறுபடி வந்துவிட்டது. கால் மணி நேரம் கழித்து இன்னொரு தடவை.

வேறு யாராக இருந்தாலும் பெட்டியைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். வல்லிநாயகம் காதைத் தொட்டுப் பார்த்தார்.

அவருக்குள் அந்தப் பயம் ஏற்கெனவே குடியிருந்தது. போன வருஷம் சீசனில் மெயினருவியில் குளித்துவிட்டு வந்தபோது காது அடைத்துக்கொண்டது. அருவித் தண்ணீர் காதில் போனால் எல்லோருக்கும் அடைக்கும், இரண்டு நாளில் சரியாகும். அவருக்குச் சரியானது போலவும் இருந்தது, ஆகாதது போலவும் இருந்தது. தென்காசியில் காது டாக்டரிடம் போகலாமென்று மனைவி செண்பகவல்லி இரண்டு முறை சொன்னாள். "அருவித் தண்ணிக்கெல்லாமா டாக்டர்ட்ட போவாக" என்று தட்டிக் கழித்துவிட்டார். போனால் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான். காது போன பாடகனாவது மனப்பாடத்தில் பாடிவிடலாம். பாட்டைக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்கிறவன் காது போனால் என்ன செய்வான்? அவருக்கு வேறு தொழிலும் தெரியாது.

இரண்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அறுபடுவது பெட்டியிலா காதிலா என்று தெரிந்துகொள்ளாமலே காலத்தை ஓட்டினார். ஆவணியில் ஒருநாள், சாரல் விடாமல் அடித்த மத்தியானம், வருவது வரட்டும் என்று துணிந்தார். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை உருவி, கையில் பிடித்துப் பதிவு செய்யும் சின்ன ரெக்கார்டரில் மாட்டினார். நாற்பது நிமிஷம் பாட்டை ஓடவிட்டார். அந்த நாற்பது நிமிஷமும் அறைக்குள் உட்கார முடியாமல் கொல்லைப்பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து பதிவைத் திரையில் விரித்தபோது அலை அலையாக ஓடிய கோடு மூன்று இடத்தில் தட்டையாகப் படுத்துக் கிடந்தது. ரெக்கார்டருக்கு ஏது காது. பெட்டியேதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

அந்த நிம்மதியில்தான் கம்பெனிக்கு மெயில் எழுதினார். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவர்கூட அத்தனை விவரம் கொடுக்கமாட்டார். லேப்டாப்பின் மாடல், பதினாறு ஜிபி மெமரி, விண்டோஸ் பதினொன்று, அதன் பதிப்பு எண், பெட்டியை இயக்கும் டிரைவர் மென்பொருளின் பதிப்பு எண். சாம்பிள் ரேட் நாற்பத்தெட்டாயிரம். சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபர் நூற்றிருபத்தெட்டு. இன்டர்ஃபேஸும் கீபோர்டும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் மாட்டியிருப்பது. வைஃபை எப்போதும் ஆன். கேபிளை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. பிறகு பிரச்சினை: "பத்து முதல் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, விட்டு விட்டு, அரை நொடி ஒலி அறுபடுகிறது. மற்ற நேரத்தில் ஒலி சுத்தம். டிக் சத்தமோ கரகரப்போ எதுவும் இல்லை." ரெக்கார்டர் பதிவையும் இணைத்தார். அனுப்பிய பிறகு தன் இங்கிலீஷைத் தானே இரண்டு தடவை படித்துப் பார்த்து மெச்சிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பதில் வந்தது. இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி என்று ஆரம்பித்திருந்தார்கள். லேப்டாப் சத்தத்தை உரிய நேரத்துக்குள் பெட்டிக்குக் கொடுத்து முடிக்கவில்லை, பெரும்பாலும் வைஃபை டிரைவர் நடுவில் புகுந்து தாமதிக்கிறது. ஹப்பை விட்டுவிட்டு நேராக மாட்டுங்கள், பதிவு செய்யும்போது வைஃபையை அணையுங்கள், பஃபரை இருநூற்றைம்பத்தாறாக்குங்கள். வல்லிநாயகம் தலையாட்டிக்கொண்டே படித்தார்.

கீழே இன்னொரு பத்தி இருந்தது.

"ஒரு விவரத்தை உறுதி செய்யுங்கள். மற்ற நேரத்தில் ஒலி சுத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பதிவில் மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை மெல்லிய டிக் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. பெரும்பாலும் ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே, அதாவது மிக உச்சமான ஒலி. ஆகவே இது விட்டு விட்டு வரும் பிரச்சினை அல்ல, நாற்பது நிமிஷமும் இருக்கிறது. இது உங்கள் காதில் விழுகிறதா, அல்லது ரெக்கார்டரில் மட்டும் வருகிறதா?"

வல்லிநாயகம் பதிவைத் திறந்து ஹெட்போனை மாட்டினார். அவர் போட்ட பாட்டு, தபேலா, புல்லாங்குழல். சுத்தமாக இருந்தது. திரையில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்றே கால் நொடியில் ஊசி போல ஒரு கோடு. ஏழாவது நொடியில் இன்னொன்று. கோடு கடந்துபோவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டார். ஒன்றுமில்லை. சத்தத்தைக் கூட்டினார். தபேலாதான் இடித்தது.

ரெக்கார்டரில் மட்டும் வருகிறதாக இருக்கலாம். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டார். ரெக்கார்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டியிலிருந்து நேராக ஸ்பீக்கரில் வேறொரு பாட்டை விட்டார்.

"ஏட்டி, இங்கன கொஞ்சம் வந்துட்டுப் போ."

செண்பகவல்லி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னங்க, அடுப்புல கெடக்கு."

"பாட்டக் கேளு. நடுவுல ஏதாவது வேற சத்தம் வந்தாச் சொல்லு."

அவள் கதவோரமாகச் சாய்ந்து நின்றாள். வல்லிநாயகம் அவள் முகத்தையே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிடம்மா என்று மனசுக்குள் கெஞ்சினார்.

"வேற சத்தமா? ஒண்ணும் இல்லையே. எப்பவும் வாரதுதான் வருது."

"எப்பவும் வாரதுன்னா?"

"அந்த டிக் டிக்தான். இந்தா வந்துச்சு பாருங்க." கொஞ்சம் பொறுத்து, "இந்தா, இப்பவும்."

அவள் விரல் நீட்டிய இரண்டு தடவையும் அவருக்குப் புல்லாங்குழல் மட்டுமே கேட்டது.

"எத்தன நாளாக் கேக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும். டீ கொண்டாரும்போதெல்லாம் கேக்கத்தான் செய்யுது. நீங்க போடுத தாளம்னுல்லா நெனச்சேன்." அவள் குரல் இறங்கியது. "ஏங்க, ஒங்களுக்கு கேக்கலியா?"

அவர் பாட்டை நிறுத்தினார். அறைக்கு வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. அதுவும் தனக்கு முழுதாகக் கேட்கிறதா, பாதிதான் கேட்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. செண்பகவல்லி பக்கத்தில் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வல்லிநாயகம் மெயிலைத் திறந்து பதில் எழுதினார். இந்தத் தடவை மாடலும் இல்லை, பதிப்பு எண்ணும் இல்லை.

"ஐயா, நான் கொடுத்த விவரத்தில் ஒன்று தவறு. டிக் சத்தம் ஸ்பீக்கரிலும் வருகிறது, என் மனைவிக்குக் கேட்கிறது. எனக்குக் கேட்கவில்லை."