உருளைக்கிழங்கு காய் இல்லையாம்

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை, கொழுப்பு இறங்காவிட்டால் மாத்திரை என்று பாலிகிளினிக் டாக்டர் சொல்லிவிட்டார். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே ஒன்று விழுங்குகிறேன். இன்னொன்றா என்று எரிச்சலாக வந்தது. வீம்புக்காவது இறக்கிக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

அங்கே சுவரில் ஒரு தட்டின் படம் ஒட்டியிருந்தது. பாதி காய்கறி, கால்பங்கு சோறு, மீதி கால்பங்கில் பருப்பு, மீன், கோழி. இதிலென்ன கஷ்டம் என்று நினைத்தேன். மதியம் நான் சாப்பிடுவது தேக்காவில், அலுவலகத்துக்குப் பக்கத்துச் சோற்றுக்கடையில். கடைக்கார அண்ணனிடம் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டச் சொன்னேன். தட்டில் இடம் காலியாகத் தெரிந்தால் அவருக்குப் பொறுக்காது. சோறு குறைந்த இடத்தில் உருளைக்கிழங்கு வறுவலைக் குவித்தார், கொசுறாக வாழைக்காய் வறுவலும். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கும் காய்தான். சாம்பாரை ஊற்றி, ஒரு துண்டு மீனோடு தினமும் திருப்தியாகச் சாப்பிட்டேன். பட்டினி கிடக்காமல் பத்தியம் இருக்கிறேன் என்ற பெருமை வேறு.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால், கெட்ட கொழுப்பு அசையவே இல்லை. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு முன்பைவிட ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். என் மகள் வயதுத் தமிழ்ப் பெண். என்னென்ன காய் என்று கேட்டாள். சொன்னேன்.

"அது சோத்துக் கணக்கு, ஆன்ட்டி. நீங்க சோத்துக்கு மேல சோறு சாப்பிட்டிருக்கீங்க. எண்ணெய் வேற."

கீரை, கோஸ், பீன்ஸ் என்று எடுக்கச் சொன்னாள். பருப்பு கெட்டியாக இருந்தால்தான் புரதத்தில் சேருமாம், தண்ணிச் சாம்பாரை நம்ப வேண்டாமாம். மாத்திரைதான் வந்துவிட்டதே, இனி தட்டு எப்படி இருந்தால் என்ன என்று கேட்டேன்.

"ரெண்டுமேதான், ஆன்ட்டி."

எனக்கு அழுகை வந்தது. எதிலிருந்து தப்பிக்கப் பார்த்தேனோ அதிலும் மாட்டிக்கொண்டேன், தட்டிலும் மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் கடைக்குள் நுழையும்போதே அண்ணன் பார்த்துவிட்டார். நான் வரிசையில் முன்னே போவதற்குள் தட்டு தயாராக இருந்தது, வழக்கத்தைவிட உயரமான வறுவல் குவியலோடு. பின்னால் ஆள்கள் நின்றார்கள். பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"அண்ணே, இனிமே உருளைக்கிழங்கு வேணாம். கோஸ் வைங்க. பருப்பு கெட்டியா ஒரு கரண்டி."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன்க்கா, பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிக்கும், அண்ணே. அதான்."

அவர் வறுவலை வழித்து எடுத்துவிட்டுக் கோஸை வைத்தார். மேசையில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், சோற்றுக்கு அடியில் ஒரு துண்டு உருளைக்கிழங்கு மாட்டிக்கொண்டிருந்தது. முதலில் அதைத்தான் சாப்பிட்டேன்.