ஜெனரேட்டர் வரும் பிளக்

அக்கா மகளின் நிச்சயதார்த்தம். அவளுடைய சின்ன வயசுப் படங்களைக் காட்ட, செங்கல்பட்டு மண்டபத்தில் டிவியும் ஸ்பீக்கரும் வைக்கும் பொறுப்பு என்னுடையது. செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி டிக் அடித்துக்கொண்டிருந்தேன். பென்டிரைவை அதே டிவியில் ஓட்டிப் பார்த்தாயிற்று. ஸ்பீக்கர் சத்தத்தைக் கடைசி வரிசையில் நின்று கேட்டாயிற்று.

"இன்னா மச்சான், ராக்கெட்டா வுடப் போற?" என்றார் மாமா, அக்கா புருஷன்.

எனக்குச் சுருக்கென்றது. தாளின் கடைசி வரிக்குப் போனேன்: கரண்ட் போனால் எந்த பிளக்கில் ஜெனரேட்டர் வரும்?

மேடைக்குப் பின்னால் உள்ள பிளக்கில் மட்டும்தான் என்றார் மண்டபத்துக்காரர். நீள வயர் இழுத்து டிவி, ஸ்பீக்கர் இரண்டையும் அங்கே மாற்றினேன். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

தட்டு மாற்றியதும் படம் ஓடியது; உடனே கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமியதும் சட்டைப் பையிலிருந்த ரிமோட்டை அழுத்தி, படத்தைத் திரும்ப ஓடவிட்டேன். ஏசியும் போட்டோக்காரரின் விளக்குகளும் செத்துக் கிடக்க, மாமல்லபுரக் கடற்கரையில் எங்கள் பொண்ணு பொக்கை வாயோடு சிரித்தாள். மண்டபமே கைதட்டியது.

"இதெல்லாம் முன்னாடியே யோசிச்சி வெச்சிட்டோம்" என்று சம்பந்தியிடம் மாமா பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

தாளை மடித்து அவர் பையில் செருகினேன். "அடுத்த ராக்கெட்ட நீங்களே வுடுங்க மாமா."