நட்பு ஆண்டுச் சந்தா

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்றும் குழப்பம்தான். எழுதியதை மகள் வாசித்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தாள். ஒரே ஒரு பிழையை மட்டும் அப்படியே விடச் சொன்னேன். அதைத் திருத்திவிட்டால் இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பரவை தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் குடியிருப்பில் தண்ணீர் ரூம் என் பொறுப்பு. அதற்கு முன் கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் மெஷின் ஓட்டினேன். இடுப்பு ஒத்துழைக்காமல் போனதும் குடியிருப்போர் நலச்சங்கத்தில் இந்த வேலை கிடைத்தது. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதைச் சங்கம் மெஷினில் சுத்திகரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறது. வீட்டுக்கு ஒரு அட்டை. அட்டையை மெஷினில் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து ஒரு கேன் அளவு தண்ணீர் விழும். மெஷினைக் கழுவுவது, ஃபில்டர் மாற்றுவது, வரிசையைப் பார்ப்பது எல்லாம் நான்தான். வாசலில் தொங்கும் கரும்பலகையில் சங்கத்து அறிவிப்புகளை எழுதுவதும் நான்தான். எனக்கு ஆட்களிடம் போய் நின்று பேசுவது வராது. பலகை இருந்ததால் பேசாமலே பல விஷயங்களைச் சொல்லிவிட முடிந்தது. அதனால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா அறுநூறு ரூபாய். மார்ச் முப்பத்தொன்றுக்குள் கட்டி உறுப்பினர் கார்டைப் புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போவார். இந்த வருஷம் அவருடைய செல்போன் கடையில் வேலை அதிகம். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் போட்டு, அதன் கீழே நாலு வரி எழுதி, பணம் அனுப்பும் க்யூஆர் கட்டத்தையும் சேர்த்துவிட்டால் போதும் என்றார்.

அந்த நாலு வரிக்குத் தண்ணீர் ரூம் வாசலிலேயே ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. செயலாளர் தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு பக்கத்துக்கு எழுதி வந்திருந்தார். விதி எண், உட்பிரிவு, தவறினால் உறுப்பினர் பதிவு தானாகவே ரத்தாகும் என்பது வரை எல்லாம் இருந்தது. பொருளாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“சார், இது நோட்டீஸ். எனக்கு வேணும்கிறது படத்துக்குக் கீழ போடுற வாசகம். மெரட்டுனா ஒருத்தனும் படிக்க மாட்டான். கட்டுனா என்ன கிடைக்கும்னு சொல்லுங்க, ஓடி வருவாய்ங்க.”

கடைசியில் ரத்தாகும் என்ற வரியை எடுத்துவிட்டார்கள். இப்படி முடிவானது: நடப்பு ஆண்டுச் சந்தா ரூ.600. கடைசி நாள் மார்ச் 31. புதுப்பிப்போருக்கு மன்றம் பாதி வாடகையில், குடிநீரில் முன்னுரிமை, பொதுக்குழுவில் ஓட்டுரிமை. மறவாதீர்.

மன்றம் என்பது விசேஷங்களுக்கு வாடகைக்கு விடும் சங்கத்து ஹால். ‘முன்னுரிமை’ பொருளாளர் போட்ட வார்த்தை. உறுப்பினருக்கு மட்டும்தான் தண்ணீர் என்பது விதி. ஆனால் அப்படி எழுதினால் முகத்தில் அடித்தது போல இருக்கும் என்று அதை அழகாக மாற்றினார்.

படம் குரூப்பில் போனது. செயலாளர் அதையே ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்தார். நான் சாக்பீஸ் எடுத்துப் பலகையில் எழுதினேன். அவர் எழுத்து சங்கிலி போல ஒன்றோடு ஒன்று மாட்டிக்கொண்டு இருக்கும். எனக்குத் தெரிந்த வார்த்தை எதுவோ அதைத்தான் கை எழுதியது. கல்யாண வீட்டு ஃபிளெக்ஸ் பலகைகளில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நிற்பார்களே, அதன் தலைப்பில் தினம் தினம் பார்க்கும் வார்த்தை. ‘நட்பு ஆண்டுச் சந்தா’ என்று பெரிதாக எழுதி, கீழே ஒரு கோடும் போட்டேன்.

மூன்று வாரம் அது வாசலில் தொங்கியது. யாரும் கவனிக்கவில்லை. செயலாளரே தினம் அதன் முன்னால் நின்று கேன் பிடித்துப் போனார். குரூப்பில் சரியாகப் படித்தவர்கள் பலகையைப் பார்த்து தொகையையும் தேதியையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

குரூப்பில் இல்லாதவர் ஒருவர்தான். மூன்றாவது தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் பெண். வீட்டுக்காரர் இல்லை. இரண்டு கிரைண்டர் வைத்து அரைத்து, பாக்கெட் போட்டு, காலை ஆறு மணிக்கெல்லாம் கடைகளுக்குக் கொடுத்துவிடுவார். கிரைண்டர் சத்தம் பற்றி முந்தின வருஷம் செயலாளர் குரூப்பில் ஏதோ எழுத, அவர் பதிலுக்கு எழுத, கடைசியில் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டார். ஆனால் தண்ணீருக்குத் தினம் ஐந்து மணிக்கு வந்துவிடுவார். உப்புத் தண்ணீரில் அரைத்த மாவை ஒரு தடவை வாங்கிய கடைக்காரர் மறு தடவை வாங்க மாட்டார்.

முப்பத்தொன்றாம் தேதி மாலை பொருளாளர் வந்து, கட்டாதவர்களின் அட்டைகளை மெஷினில் நிறுத்தினார். பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் வீடுகள். மாவுக்காரம்மாவின் எண் வந்ததும் சற்று நிறுத்தி, “வேணும்னே கட்டாம இருக்கு பாருங்கண்ணே” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலை மாவுக்காரம்மா வந்து அட்டையைக் காட்டினார். சிவப்பு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினார். மறுபடியும் சிவப்பு. சந்தா கட்டவில்லை என்பதால் நிறுத்தியிருக்கிறார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“எந்தச் சந்தாண்ணே?”

பலகையைக் காட்டினேன்.

“அது நட்புச் சந்தால்ல? அவுக அவுக கூட்டாளிமாரு கட்டுறது. மன்றம் பாதி வாடகைக்கு வேணும்கிறவுக, வரிசையில முந்தி நிக்கணும்கிறவுக கட்டட்டும். நான் அஞ்சு மணிக்கு வாரேன், எனக்கு எதுக்கு முன்னுரிமை? எனக்கும் அந்தச் செயலாளருக்கும் என்ன நட்பு இருக்கு, நான் போய்க் கட்ட?”

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. வழக்கமான சந்தாவுக்கு எப்போதும் போல ரசீதுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வருவார்கள் என்று பணத்தைத் தனியாக எடுத்தே வைத்திருந்தார். நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். என் எழுத்து அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

அவர் வெறும் கேன்களோடு போய்விட்டார். எட்டு மணிக்குச் செயலாளர் வந்ததும் மாவுக்காரம்மா திரும்பி வந்து கேட்டதற்கு, விதிப்படி பதிவு போய்விட்டது, புது விண்ணப்பம் கொடுத்துச் சேர்க்கைக் கட்டணம் கட்ட வேண்டும், அடுத்த மாதக் கமிட்டியில் வைத்துத்தான் சேர்க்க முடியும் என்று பதில் வந்தது. ஒரு மாதம் வெளியே கேன் வாங்கி அரைத்தால் மாவுப் பாக்கெட்டில் அவருக்கு லாபம் ஒன்றும் நிற்காது. அரைப்பதை நிறுத்தினால் கடைகள் வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். அவர் பலகையைப் பற்றிச் சொன்னதைச் செயலாளர் காதில் வாங்கவில்லை. சாக்கு என்று நினைத்தார்.

அவர்கள் போன பிறகு துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு பலகை முன்னால் நின்றேன். மார்ச் முடிந்துவிட்டது, அழிப்பது என் வேலைதான். அழித்தால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அழிக்காவிட்டால், எழுதத் தெரியாதவனை எதற்கு வைத்திருக்கிறோம் என்று ஒருவர் கேட்டால் போதும். இந்த வயதில் மறுபடியும் கப்பலூரில் யார் சேர்ப்பார்கள்? துணி காயும் வரை நின்றேன். பிறகு பலகையைக் கழற்றி உள்ளே கொண்டுபோய், எழுத்து உள்பக்கம் இருக்கும்படி சாய்த்து வைத்தேன். அழிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. நாலு நாள் அப்படியே இருந்தது. அந்த நாலு நாளும் ஐந்து மணிக்கு வெளியே ஆள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். அவர் வரவில்லை. வேன்காரரிடம் கேன் வாங்குகிறார் என்று தெருவில் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மன்றத்தில் கமிட்டி கூடியது. வழக்கமான மாதக் கமிட்டி இல்லை, புது வருஷக் கணக்கு ஆரம்பிப்பதற்காகக் கூட்டியது. மாவுக்காரம்மாவும் கடைசி நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிடவில்லை. நான் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டில்களை நகர்த்திவிட்டுப் பலகையை அவர்கள் முன்னால் நிறுத்திப் பிடித்தேன்.

செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “என்னப்பா இது?”

“நான் எழுதுனதுங்க. மொத வரியப் பாருங்க.”

பொருளாளர்தான் முதலில் சிரித்தார். பிறகு மற்றவர்கள். என் காது சூடாகிவிட்டது. ஆனாலும் பலகையைக் கீழே வைக்கவில்லை.

“அந்தம்மா சாக்கு சொல்லலங்க. எழுதியிருந்தத அப்படியே படிச்சிருக்கு. தப்பு என்னோடது.”

செயலாளர் சிரிக்கவில்லை. தன் பழைய தாளைக் கொண்டுவரச் சொன்னார். அதை நான் வைத்திருந்தேன். வாங்கி, கைநீட்டித் தூரம் வைத்து, கிட்டே வைத்து, இரண்டு விதமாகவும் பார்த்தார். “என் எழுத்தையும் எப்படி வேணாலும் படிக்கலாம் போல” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு தன் அலுவலகக் குரலில் பேசினார். ஒருவருக்குப் பலகைதான் அறிவிப்பு என்றால், பலகையில் இருப்பது தப்பாக இருந்தால் அவருக்கு அறிவிப்பே கொடுக்கவில்லை என்று அர்த்தம். அறிவிப்பு இல்லாமல் பதிவை ரத்து செய்ய முடியாது. ஆகவே அந்த ஒருவருக்கு ஏப்ரல் பதினைந்து வரை அவகாசம், சேர்க்கைக் கட்டணம் கிடையாது. தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதினார்கள். அதில் ‘எழுத்துப் பிழை காரணமாக’ என்று இருந்தது. யாருடைய பிழை என்று எழுதவில்லை.

மாவுக்காரம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அங்கேயே எடுத்து நீட்டினார். ரசீது எழுதும்போது பொருளாளர், “இனி எல்லாரும் நட்பாயிட்டோம்ல?” என்றார்.

“அதெல்லாம் வேணாம்ப்பா. நடப்பு மட்டும் எழுதிக் குடு” என்றார் அவர். செயலாளரும் அதற்குச் சிரித்தார். ஆனால் அவரும் மாவுக்காரம்மாவும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ஒன்று மட்டும் மாறியது. அறிவிப்பு எழுதும் முன்னால் செயலாளர் அதை வாயால் படித்துக் காட்டுகிறார், நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் சாக்பீஸைத் தருகிறார். சந்தா அறிவிப்பில் இனி ‘கட்டாவிட்டால் தண்ணீர் அட்டை நிற்கும்’ என்று ஒரு வரி கட்டாயம் வர வேண்டும் என்றும் முடிவு செய்திருக்கிறார்கள். பொருளாளருக்கு அதில் இன்னும் சம்மதம் இல்லை.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு மாவுக்காரம்மா வந்தார். அட்டையைக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பச்சை எரிந்தது. தண்ணீர் கேனில் விழும் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தார். இரண்டாவது கேனை நான் தூக்கி வண்டியில் வைத்தேன்.

எழுதி முடித்தது: 2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை.